‘4 – 6 வயசு’ன்னு போட்டா போதுமா? சித்தியின் பட்டுப் பாவாடையும் அரை இஞ்ச் தேய்ந்த டேப்பும்!

போன தீபாவளிக்கு இரண்டு நாள் முன்பு, ஈரோட்டில் இருக்கும் என் சித்தியின் வாட்ஸ்அப்புக்கு ஒரு வாய்ஸ் மெசேஜ் வந்தது. “அக்கா, நீங்க 4 – 6 வயசுன்னுதான போட்டிருந்தீங்க? என் பொண்ணுக்கு அஞ்சுதான் முடிஞ்சிருக்கு. பாவாடை சூப்பரா இருக்கு. ஆனா சட்டைக்கு ஹூக்கே போட முடியலக்கா. அவ அதை மாட்டிக்கிட்டு அழறா.” பின்னணியில் அந்தக் குழந்தையின் அழுகையும் பதிவாகியிருந்தது.

சித்தி வீட்டிலேயே குழந்தைகளுக்குப் பட்டுப் பாவாடை சட்டை தைத்து ஆன்லைனில் விற்பவர். வாட்ஸ்அப் கேட்டலாக் ஒன்று, விற்பனைத் தளம் ஒன்று, இரண்டிலும் கடை வைத்திருக்கிறார். கை சுத்தம், தையல் சுத்தம். ஆனாலும் அந்த ஒரே சைஸில் விற்ற 14 செட்டில் 5 திரும்பி வந்தன. தீபாவளி முடிந்த பிறகு வரும் பட்டுப் பாவாடையைப் பொங்கல் வரை பெட்டியில்தான் வைக்க வேண்டும். போக வரக் கூரியர் செலவு தனி. பணம்கூடப் பரவாயில்லை, அந்த அழுகைதான் சித்தியைத் தூங்கவிடவில்லை.

இந்த வருடம் ஆடி மாதமே என்னைக் கூப்பிட்டார். “கண்ணு, நீ எழுதற ஆளுதான? அந்த லிஸ்டிங்கை உக்காந்து சரியா எழுதிக் குடு.”

எழுதுகிற வேலை என்று நினைத்துத்தான் போனேன். அங்கே போன பிறகுதான் தெரிந்தது, முக்கால்வாசி வேலை அளக்கிற வேலை!

‘நாலு வயசு’ என்றால் எந்த நாலு?

முதலில் திரும்பி வந்த 5 செட்டின் மெசேஜ்களையும் வரிசையாகப் படித்தோம். மூன்று பேருக்கு சட்டை பிடித்திருந்தது. இரண்டு பேருக்கு பாவாடை தரையில் புரண்டிருந்தது. ஒரே அளவு துணி, சிலருக்குச் சின்னது, சிலருக்குப் பெரியது.

தரையில் புரண்ட இரண்டு வீட்டிலும் அம்மாக்கள் எழுதியிருந்த வரி ஒன்றேதான். “பாப்பாவுக்கு நாலு நடக்குது.” நம் வீடுகளில் வயதை இரண்டு விதமாகச் சொல்வோம். ‘நாலு முடிஞ்சிருச்சு’ என்பது ஒன்று. ‘நாலு நடக்குது’ என்பது இன்னொன்று. நாலு நடக்கிற குழந்தை மூன்று முடிந்த குழந்தை. அந்த அம்மா ‘4 – 6’ என்று பார்த்ததும், ‘நாலுதான, அப்ப சரி. கொஞ்சம் பெருசா இருந்தாலும் வளர்ற பிள்ளை’ என்று வாங்கிவிடுகிறார். சட்டை பிடித்த மூன்று வீட்டிலோ ஐந்து முடிந்து ஆறு நடந்துகொண்டிருந்தது. அவர்கள் கணக்கிலும் ‘4 – 6’ சரிதான்.

ஆக, மூன்று முடிந்த குழந்தையும், ஆறைத் தொடப்போகும் குழந்தையும் ஒரே சட்டைக்குள் நுழையப் பார்த்திருக்கிறார்கள்.

இதில் வயதை மட்டும் திருத்தினால் போதாது. உலக சுகாதார நிறுவனத்தின் வளர்ச்சி அட்டவணைப்படி, சரியாக 4 வயது முடிந்த பெண் குழந்தையின் நடுத்தர உயரம் சுமார் 103 செமீ. ஆனால், அதே வயதில் 94 செமீ உயரக் குழந்தையும் இயல்பான வளர்ச்சிதான், 111 செமீ உயரக் குழந்தையும் இயல்பான வளர்ச்சிதான். இரண்டுக்கும் இடையில் 17 செமீ! இந்த வயதில் ஒரு குழந்தை வருடத்துக்கு 6 முதல் 8 செமீ வரைதான் வளரும். அப்படிப் பார்த்தால், ஒரே நாளில் பிறந்தநாள் கொண்டாடும் இரண்டு குழந்தைகளுக்கு நடுவே இரண்டு வருட வளர்ச்சிக்கும் மேலான வித்தியாசம் இருக்கலாம். ‘4 வயசு’ என்ற சொல்லை மட்டும் வைத்துச் சட்டை வாங்குவது குருட்டாம்போக்குதான்.

ஐரோப்பாவில் குழந்தைகள் உடுப்பின் லேபிளில் 98, 104, 110, 116 என்று எண்கள் இருப்பதைப் பார்த்திருப்பீர்கள். அது குழந்தையின் உயரம், செமீயில். 6 செமீக்கு ஒரு படி. ஏறக்குறைய ஒரு வருட வளர்ச்சிக்கு ஒரு படி. நாமும் அதைத்தான் பிடித்துக்கொண்டோம். முதலில் உயரம், அடுத்து மார்புச் சுற்றளவு, வயது கடைசியில், ‘தோராயமாக’ என்ற சொல்லோடு.

டேப்பையே முதலில் அளந்தோம்

“அளவு தெரியாமயா கண்ணு இத்தன வருசமா தெக்கறேன்?” என்று சித்திக்குக் கொஞ்சம் கோபம். ஆனால் அவருடைய டேப்பை இரும்பு ஸ்கேலோடு சேர்த்து வைத்ததும் அவரே சிரித்துவிட்டார். முனையில் இருந்த தகடு எப்போதோ கழன்று, அரை இஞ்ச் தேய்ந்து போயிருந்தது. அந்த டேப்பில் 24 என்று படித்தால் உண்மையில் துணி 23½ தான். வெட்டுவதற்கு வேறு டேப், முடித்த துணியைச் சரிபார்க்க இந்த டேப். அதனால் லிஸ்டிங்கில் எழுதிய அளவு எப்போதும் அரை இஞ்ச் கூடுதலாகவே இருந்திருக்கிறது.

புது டேப் வந்தது. ஒரே சைஸில் தைத்த மூன்று சட்டைகளை எடுத்தோம். வெட்டிய பேப்பர் பேட்டர்னின் அளவு வேறு, தைத்து முடித்த சட்டையின் அளவு வேறு. வாங்குகிறவர் கைக்குப் போவது தைத்த சட்டை. அதனால் அதைத்தான் அளக்க வேண்டும்.

சட்டையின் ஹூக்குகளை எல்லாம் போட்டு, மேஜைமேல் சுருக்கம் இல்லாமல், இழுக்காமல் விரித்தோம். ஒரு பக்க அக்குளின் கீழிருந்து மறுபக்க அக்குளின் கீழ்வரை நேராக அளந்தால் 12 இஞ்ச். இரண்டால் பெருக்கினால் சட்டையின் மார்புச் சுற்றளவு 24 இஞ்ச். மூன்றில் ஒரு சட்டை கால் இஞ்ச் கூடுதலாக வந்தது. எது சிறியதோ அதைத்தான் லிஸ்டிங்கில் எழுத வேண்டும். பெரியதை எழுதினால், சிறியது கிடைத்த வீட்டில் ஹூக் போட முடியாது.

பாவாடைக்கு, இடுப்புப் பட்டியின் மேல் விளிம்பிலிருந்து கரையின் கீழ் விளிம்பு வரை 22 இஞ்ச். இடுப்பில் நாடா என்பதால் ஒல்லி, குண்டு இரண்டுக்கும் கட்டிக்கொள்ளலாம், அங்கே பிரச்னை இல்லை. ஜரிகைக் கரைக்கு மேலே ஒன்றன்மேல் ஒன்றாக இரண்டு டக் பிடித்திருந்தார். இந்த டக்தான் கதையின் வில்லன் என்பது அப்போது எனக்குத் தெரியாது.

இன்னொரு விஷயம். உள்ளே கொடுக்கும் காட்டன் லைனிங் தண்ணீர் பட்டால் சுருங்கும். பட்டு அப்படியே இருக்க, லைனிங் மட்டும் சுருங்கினால் சட்டை உள்ளுக்குள் இழுத்துப் பிடிக்கும். அதனால் லைனிங் துணியை ஓர் இரவு தண்ணீரில் ஊறப்போட்டு, காயவைத்து, அதன் பிறகுதான் இப்போதெல்லாம் வெட்டுகிறார்.

துணியின் அளவு வேறு, குழந்தையின் அளவு வேறு

லிஸ்டிங்குகளில் நடக்கும் பெரிய குழப்பம் இதுதான். ‘மார்பு 24’ என்று போட்டிருப்பார்கள். அது சட்டையின் அளவா, குழந்தையின் அளவா என்று இருக்காது. 24 இஞ்ச் மார்புள்ள குழந்தைக்கு 24 இஞ்ச் பட்டுச் சட்டை போட்டால் மூச்சுவிட முடியாது. பட்டு, பனியன் துணி மாதிரி இழுத்துக்கொடுக்காது. கையைத் தூக்க, சம்மணம் போட்டு உட்கார்ந்து சாப்பிட, ஓட, குறைந்தது 2 இஞ்ச் லூஸ் வேண்டும் என்பது சித்தியின் கணக்கு. 3 இஞ்சுக்கு மேல் லூஸ் போனால் தோள் இறங்கி, கழுத்து ஒரு பக்கம் சரியும்.

அப்படியானால் 24 இஞ்ச் சட்டை யாருக்கு? 24-ல் 2 போனால் 22, 3 போனால் 21. உடம்பின் மார்புச் சுற்றளவு 21 முதல் 22 இஞ்ச் வரை உள்ள குழந்தைக்கு. அவ்வளவுதான்!

பாவாடைக்கும் இதே மாதிரி பார்த்தோம். பக்கத்து வீட்டுக் குழந்தைகள் நாலு பேரை நிற்கவைத்து, இடுப்பிலிருந்து கணுக்கால் வரையும், இடுப்பிலிருந்து தரை வரையும் அளந்தோம். 104 செமீ உயரக் குழந்தைக்கு 22 இஞ்ச் பாவாடை சரியாகக் கணுக்காலில் நின்றது. 100 செமீ குழந்தைக்கு தரைக்கு ஒரு இஞ்ச் மேலே நின்றது, நடக்க முடிந்தது. 95 செமீ குழந்தைக்கு கரை தரையைத் தொட்டது. இரண்டு அடி வைப்பதற்குள் காலில் மாட்டிக்கொண்டது. ‘வளர்ற பிள்ளை, பெருசாவே எடுக்கலாம்’ என்பதற்கு இங்கேதான் எல்லை. தரையில் புரளும் பாவாடையோடு குழந்தை மாடிப்படி இறங்கும். தீபாவளி அன்று அகல் விளக்குக்கும் கம்பி மத்தாப்புக்கும் பக்கத்தில் நிற்கும். அங்கே லூஸ் என்பது லாபம் இல்லை, ஆபத்து.

டக் கணக்கும் தையல் கணக்கும்

அப்புறம்தான் கேட்டேன். “ஏன் சித்தி ‘4 – 6’னு போட்டீங்க?”

“ரெண்டு டக் வெச்சிருக்கேனே கண்ணு. பிரிச்சா ஆறு வயசு வரைக்கும் தாராளமா வருமே!”

அவர் சொன்னது பொய்யில்லை. டக்கின் கணக்கு பலருக்குத் தெரியாது. ஒரு இஞ்ச் ஆழத்துக்கு மடித்துப் பிடித்த டக் உள்ளே 2 இஞ்ச் துணியை விழுங்கியிருக்கும். ஒரு டக்கைப் பிரித்தால் பாவாடை 2 இஞ்ச் நீளும். சித்தியின் இரண்டு டக்கையும் பிரித்தால் 22 இஞ்ச் பாவாடை 26 இஞ்ச் ஆகிவிடும். இந்த வயதில் வளர்கிற உயரத்தில் பாதிக்கும் மேல் காலில்தான் போகிறது. வருடத்துக்கு ஒரு டக் பிரித்தால் அந்த வளர்ச்சிக்கு ஈடாகிவிடும். ஆறு வயது வரை பாவாடை வரும் என்பது சரியான கணக்கு.

ஆனால் அது பாவாடையின் கணக்கு மட்டும். சட்டைக்குப் போன வருடம் எந்த ஏற்பாடும் இல்லை. ஓரத்துணியை எல்லாம் வெட்டி, ஓவர்லாக் அடித்து, அழகாக முடித்துவிட்டார். 22 இஞ்ச் மார்பைத் தாண்டிய குழந்தைக்கு அந்தச் சட்டை அன்றோடு முடிந்தது. பாவாடை ஆறு வயது வரை வளரும், சட்டை நாலரையிலேயே நின்றுவிடும். லிஸ்டிங்கில் மட்டும் இரண்டுக்கும் சேர்த்து ‘4 – 6’!

செட்டாக விற்கும் எதற்கும் இது பொருந்தும். இரண்டு உருப்படிக்கும் தனித்தனியாக ‘எந்தக் குழந்தையிலிருந்து எந்தக் குழந்தை வரை’ என்று கண்டுபிடிக்க வேண்டும். இரண்டும் ஒன்றுசேரும் இடம் மட்டும்தான் லிஸ்டிங்கில் எழுத வேண்டிய அளவு.

இந்த வருடம் சட்டையிலும் இடம் விட்டார். பக்கத் தையலில் ஒவ்வொரு ஓரத்திலும் அரை இஞ்ச் கூடுதல் துணி. இடது, வலது என்று இரண்டு தையல், ஒவ்வொன்றிலும் முன்பக்கம், பின்பக்கம் என்று மொத்தம் நான்கு ஓரம். முழுவதும் பிரித்தால் 2 இஞ்ச் கிடைக்கும். “அப்ப மார்பு 24 வரைக்கும்னு போட்டுரலாமா?” என்று ஆர்வமாகக் கேட்டேன்.

சித்தி தலையை ஆட்டினார். “வேணாம் கண்ணு. பக்கத்தைத்தான பிரிக்கறோம்? தோளு பெருசாகாது, கழுத்து பெருசாகாது, சட்டை நீளமும் ஏறாது. ஒரு இஞ்ச்தான் நம்மளால சொல்ல முடியும்.”

ஆக, இப்போதைக்கு 21 – 22, பிரித்த பிறகு 23 வரை. பக்கத்து வீட்டுக் குழந்தைகளில் 110 செமீ உயரப் பெண்ணுக்கு மார்பு 23-ஐ நெருங்கியிருந்தது. பாவாடை அதற்கு மேலும் போகும். ஆனால் சட்டை அங்கே நின்றுவிடும். கீழே 100 செமீயில் பாவாடை நிறுத்துகிறது, மேலே 110 செமீயில் சட்டை நிறுத்துகிறது. செட்டின் உண்மையான அளவு 100 முதல் 110 செமீ.

இனி வயது. உலக சுகாதார நிறுவன அட்டவணையில் பெண் குழந்தைகளின் நடுத்தர உயரம் 3 வயது முடியும்போது 95 செமீ, 4 முடியும்போது 103, 5 முடியும்போது 109, 6 முடியும்போது 115. அப்படிப் பார்த்தால் 100 செமீ என்பது மூன்றரை வயதைத் தாண்டிய குழந்தை. 110 என்பது ஐந்து முடிந்த குழந்தை. ‘4 – 6’ என்று நாம் கூவி விற்றது உண்மையில் ‘மூன்றரை முடிந்து 5 முடியும் வரை’! கீழே அரை வயதை விட்டிருக்கிறோம், மேலே ஒரு முழு வயதைப் பொய்யாகச் சேர்த்திருக்கிறோம்.

எத்தனை தீபாவளி?

‘வளர்ச்சிக்கு இடம் உண்டு’ என்று எல்லா லிஸ்டிங்கிலும் ஒரு வரி இருக்கும். எவ்வளவு இடம் என்று இருக்காது. வாங்குகிற அம்மாவுக்குத் தெரிய வேண்டியது, ‘அடுத்த தீபாவளிக்கும் இது வருமா?’ என்பது மட்டும்தான்.

வருடத்துக்குச் சுமார் 7 செமீ என்று வைத்துக்கொள்வோம். இன்று 100 செமீ உயரம் உள்ள குழந்தை அடுத்த தீபாவளிக்கு 107 இருக்கும். இரண்டு தீபாவளி தாராளமாக வரும். இன்று 104 என்றால் அடுத்த தீபாவளிக்கு 111. பாவாடை வரும், சட்டை சந்தேகம். இன்று 108 என்றால் இந்த தீபாவளியோடு சரி. ‘வளர்ச்சிக்கு இடம்’ என்பது துணியில் மட்டும் இல்லை, குழந்தை எந்த உயரத்தில் வாங்குகிறது என்பதிலும் இருக்கிறது. அதனால் அந்த வரியை உயரத்தோடு சேர்த்தே எழுதினோம்.

பிரிப்பதால் வரும் குறையையும் சொல்லிவிட வேண்டும். ஒரு வருடம் மடிந்து கிடந்த டக்கைப் பிரித்தால், பட்டில் மடிப்புக் கோடும் ஊசித் தடமும் லேசாகத் தெரியும். மடிப்புக்குள் இருந்த இடம் மட்டும் நிறம் கொஞ்சம் புதிதாக இருக்கும். டக் கரையை ஒட்டி இருந்தால் கண்ணுக்கு அவ்வளவாகப் படாது, ஆனால் இருக்கும். லைனிங்கிலும் அதே அளவு டக் வைத்திருக்க வேண்டும். இல்லையென்றால் பட்டு இறங்கும், லைனிங் இறங்காது. போன வருடம் அதையும் விட்டிருந்தார், இந்த வருடம் வைத்துவிட்டார்.

கடைசியில் எழுதிய லிஸ்டிங்

விற்பனைத் தளத்தில் வயதை நாம் எழுத முடியாது. ‘3–4’, ‘4–5’, ‘5–6’ என்று இருப்பதில் ஒன்றைத் தொட வேண்டும். நாங்கள் ‘4–5’ஐத் தொட்டோம். 100 – 110 செமீயின் பெரும்பகுதி அந்த வயதில்தான் விழுகிறது. மிச்சத்தை எல்லாம் விவரத்தின் முதல் வரியிலேயே கொண்டுவந்தோம். மொபைலில் ‘மேலும் படிக்க’வைத் தொடுகிறவர்கள் குறைவு. அதனால் உயரம் முதல் வரியில் இருந்தே ஆக வேண்டும். இரண்டாவது போட்டோவாக, சட்டையின் மேல் டேப்பை வைத்து 12 இஞ்ச் தெளிவாகத் தெரிகிற மாதிரி எடுத்த படத்தைப் போட்டோம். முழுதாக இதோ:

*உயரம் 100 – 110 செமீ உள்ள பெண் குழந்தைக்கு. பட்டுப் பாவாடை + சட்டை.*

*தோராய வயது: மூன்றரை முடிந்தது முதல் 5 முடியும் வரை. (‘நடக்கும்’ வயது அல்ல, ‘முடிந்த’ வயது. உயரமும் மார்பளவும் பார்த்து வாங்கவும்.)*

*குழந்தையின் மார்புச் சுற்றளவு: 21 – 22 இஞ்ச் (53 – 56 செமீ). பக்கத் தையல் பிரித்தால் 23 இஞ்ச் (58 செமீ) வரை.*

*தைத்த துணியின் அளவு: சட்டை மார்புச் சுற்றளவு 24 இஞ்ச் (61 செமீ). பாவாடை நீளம் 22 இஞ்ச் (56 செமீ). இடுப்பு: நாடா.*

*வளர்ச்சிக்கு: பாவாடையில் 2 டக், ஒவ்வொன்றும் பிரித்தால் 2 இஞ்ச் நீளும். இப்போது 100 செமீ என்றால் 2 தீபாவளி வரும். 104-க்கு மேல் என்றால் அடுத்த வருடம் சட்டை பற்றாமல் போகலாம்.*

*பிரித்த இடத்தில் மடிப்புக் கோடு லேசாகத் தெரியும்.*

*யாருக்கு வேண்டாம்: 100 செமீக்குக் குறைவு என்றால் தரையில் புரளும். 110-க்கு மேல் என்றால் அடுத்த சைஸ் பார்க்கவும்.*

கடைசி வரியைப் போட சித்திக்கு மனசே வரவில்லை. “வாங்காதீங்கன்னு நாமளே சொல்றதா?” என்றார். திரும்பி வந்த 5 பெட்டிகள் இன்னும் பீரோவின் மேல் இருந்தன. அவற்றைக் காட்டினேன். போடச் சொல்லிவிட்டார்.

வாங்குகிறவர்கள் கவனத்துக்கு

லிஸ்டிங் சரியாக இருந்தாலும், குழந்தையின் அளவு தெரியாமல் வாங்கினால் பலன் இல்லை. உயரத்துக்கு, செருப்பு இல்லாமல் குழந்தையைச் சுவரோடு ஒட்டி நிற்கவைத்து, தலைமேல் ஒரு புத்தகத்தைச் சுவருக்குச் செங்குத்தாக வைத்து, அதன் கீழ் விளிம்பில் பென்சிலால் கோடு போடுங்கள். உச்சிக் கொண்டை இருந்தால் அவிழ்த்துவிடுங்கள், அதுவே 3 செமீ ஏற்றிவிடும். மார்புக்கு, பனியனோடு, அக்குளுக்குக் கீழே டேப்பைச் சுற்றுங்கள். முன்னும் பின்னும் ஒரே மட்டத்தில், ஒரு விரல் நுழைகிற மாதிரி இருக்கட்டும். டேப் இல்லையென்றால் நூலைச் சுற்றி ஸ்கேலில் வைத்துப் பார்க்கலாம்.

உயரம் ஒரு சைஸ், மார்பு வேறு சைஸ் காட்டினால்? இழுத்துக்கொடுக்காத துணியில் மார்பைக் கேளுங்கள். பாவாடை நீளத்தை ஒரு டக் கூடப் பிடித்துக் குறைக்க முடியும். பிடிக்கிற சட்டையை ஒன்றும் செய்ய முடியாது.

போன வாரம் சித்தியின் போனுக்கு ஒரு மெசேஜ் வந்தது. “அக்கா, பாப்பா 112 செமீ இருக்கா. நீங்க போட்டிருக்கறதப் பாத்தா இது வராதுன்னு தெரியுது. அடுத்த சைஸ் எப்ப போடுவீங்க?” முன்பு என்றால் இந்த ஆர்டர் போயிருக்கும், திரும்பியும் வந்திருக்கும். சித்தி அன்று ராத்திரியே 116 செமீக்கு பேட்டர்ன் வெட்ட உட்கார்ந்துவிட்டார்.

கூடவே ஒரு யோசனையும் வந்திருக்கிறது. பாவாடைதான் இன்னொரு வருடம் வருமே! அதனால் ஒவ்வொரு செட்டோடும் அதே நிறத்தில் கொஞ்சம் சட்டைத் துணியையும் மடித்து வைத்து அனுப்புகிறார். மூன்றாவது தீபாவளிக்குச் சட்டையை மட்டும் உள்ளூர் டெய்லரிடம் தைத்துக்கொள்ளலாம். லிஸ்டிங்கில் அதற்கும் ஒரு வரி சேர்க்க வேண்டும். “எத்தன இஞ்ச் துணின்னு அளந்து போடு கண்ணு” என்று அவரே சொல்லிவிட்டார்.